சோற்றுத் தட்டில் புரதம்: கேள்வி பதில்

"சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஐந்து பேரும் சைவம், தினமும் சாம்பார். ஆனாலும் கிளினிக்கில் எனக்குப் புரதம் போதவில்லை என்கிறார்கள். என் எடை 60 கிலோ."

அக்கா, அந்தச் சாம்பாரில் எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் என்று வையுங்கள். துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். அப்படியென்றால் பானை முழுவதிலும் 11 கிராம்தான், ஆளுக்கு 2 கிராம். மற்றதெல்லாம் புளித்தண்ணீரும் காயும்.

உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் தேவை. ஒரு கப் சோற்றில் 4 கிராம் வரும். நான்கு கப் சோறு, காலையில் மூன்று இட்லி, சாம்பார், கொஞ்சம் பொரியல், தண்ணீர் மோர் எல்லாம் கூட்டினாலும் 30ஐத் தொடாது. வயிறு நிறைந்துவிடுவதால் இந்தக் குறை தெரிவதே இல்லை.

சாம்பாரை அதிகமாக ஊற்றிக்கொள்ளாதீர்கள், கெட்டியாக்குங்கள். ஆளுக்கு 40 கிராம் பருப்பு, அதாவது வீட்டுக்கு 200 கிராம். பாதியைச் சாம்பாரிலும் மீதியைக் கூட்டிலும் போடலாம். இதில் 9 கிராம் வரும். காலையில் ஒரு கிளாஸ் பால் 6, மதியம் ஒரு கப் கெட்டித் தயிர் 5, மாலையில் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டல் 6. சோற்றில் ஒரு கப் குறைத்தாலும் 47, 48க்கு வந்துவிடுவீர்கள். காலைச் சந்தையில் கெட்டித் தவ்ஹு கிடைத்தால் மிச்சமும் சரியாகிவிடும். சோற்றைக் குறைக்காமல் இதையெல்லாம் சேர்த்தால் எடைதான் ஏறும்.

"சோறும் பருப்பும் ஒரே வேளையில் சேர்ந்தால்தான் முழுப் புரதமாமே? அப்போ சுண்டலை மட்டும் சாப்பிட்டால் வீண்தானே?"

பாதி சரி தம்பி. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தந்துவிடுகிறது. ஆனால் ஒரே வாயில் சேர வேண்டியதில்லை, அன்றைக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். மாலைச் சுண்டல் வீணாகாது. அப்புறம், இந்தச் சேர்க்கை தரத்தைத்தான் சரிசெய்யும், அளவுக் குறையை இல்லை. நிறையச் சோற்றின்மேல் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினால் கணக்கு மாறாது.

"நாங்கள் நாளுக்கு நாலு டீ குடிக்கிறோம். அதில் பால் இருக்கிறதே?"

டின்பால் என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரையும் பாமாயிலும்தான். பசும்பாலோ பால்மாவோ கலந்தால் பரவாயில்லை, அதுவும் டீயில் விடும் இரண்டு கரண்டியாக இல்லாமல் கிளாஸாக இருக்கட்டும்.

"என் வீட்டுக்காரருக்கு கிரியேட்டினின் கூடியிருக்கிறது. அவருக்கும் இதே பருப்புக் கணக்குதானா?"

வேண்டாம் அம்மா. மேலே சொன்னது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் பெரும்பாலும் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸில் இருப்பவருக்குக் கூட்டச் சொல்வார்கள். பருப்பிலும் பாலிலும் இருக்கும் பொட்டாசியம், பாஸ்பரஸ் வேறு பார்க்க வேண்டும். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள் இல்லாமல் நான் அளவு சொல்ல மாட்டேன். அதோடு மருத்துவமனை உணவியல் நிபுணரைப் பாருங்கள். அதுவரை பருப்பைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.