ஆமைக்குஞ்சு கடல் சேரும் கதையில் அம்மா எங்கே?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. கடலாமைக் குஞ்சு ஒன்று முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போகும் கதையைத் தூங்கும் நேரத்தில் சொன்னேன். "அம்மா ஆமை எங்கே, ஏன் வரலை?" என்று அழுது ஒரு மணி நேரம் தூங்கவில்லை. அம்மா கடலில் காத்திருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். அது சரியா? உண்மையைச் சொல்லியும் தூங்க வைக்க முடியுமா? அவள் இன்னும் கடலைப் பார்த்ததே இல்லை.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தப் பொய் ஓர் இரவுக்குத்தான் உதவும். மறுநாள் "அம்மாவைப் பார்த்துச்சா?" என்று அவள் கேட்பாள்; நீங்கள் ஒரு சந்திப்பைக் கட்ட வேண்டியிருக்கும். கடலாமையின் வாழ்வில் அப்படியொரு சந்திப்பு கிடையாது. முட்டையிட்ட தாய், குஞ்சு பொரிக்கும் நாளில் எங்கோ நெடுந்தொலைவில் இருப்பாள். எதிரே வந்தாலும் தன் குஞ்சென்று அவளுக்குத் தெரியாது. இதை மறைக்காமலே குழந்தையைத் தூங்க வைக்கலாம். அதற்குக் கதையைக் குஞ்சு வெளிவரும் இடத்தில் தொடங்காமல், அதற்கு ஐம்பது நாள் முன்னதாக, தாய் கரையேறும் இரவிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் மகள் அழுததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துக் குழந்தைகள் பார்த்து வளர்வது அடைகாக்கும் கோழியையும், பட்டியில் தாயைத் தேடிக் கத்தும் ஆட்டுக்குட்டியையும்தான். குஞ்சு என்றால் பக்கத்தில் தாய் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. எனவே கோழி செய்கிற வேலையை இங்கே யார் செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்: மணல் அடைகாக்கிறது. தாய் செய்வது, அந்த மணலைப் படுக்கையாக்கித் தருவது.

கடலோர மாவட்டம் ஒன்றில் ஆமைப் பொரிப்பகத்தில் சில பருவங்கள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் படுக்கை போடும் காட்சியைப் போல ஒரு குழந்தையை அமைதிப்படுத்தும் பகுதி முழுக் கதையிலும் இல்லை. நம் கிழக்குக் கரைக்கு அதிகமாக வருவது பங்குனி ஆமை. தை மாதத்திலிருந்து பங்குனி வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறி, அலை எட்டாத உலர்ந்த இடமாகப் பார்த்து, பின் துடுப்புகளால் குழி தோண்டுகிறது. ஒரு துடுப்பு உள்ளங்கையைப் போலக் குவிந்து மணலை அள்ளி வெளியே வைக்கும்; பிறகு மற்றது இறங்கும். அவசரமே இருக்காது. குழி ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்ற குடத்தின் வடிவம். அதில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடி, வாசலைத் திமிசுக்கட்டையால் கெட்டிப்பதைப் போலத் தன் உடம்பையே இடமும் வலமுமாகச் சாய்த்துத் தட்டி இறுக்கும். கடைசியாக நாயும் நரியும் இடத்தைக் கண்டுபிடிக்காதபடி சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும்.

"அம்மா ஏன் வரலை?" என்ற கேள்விக்கு இதுவே பதில். "அவ செய்ய வேண்டியதையெல்லாம் முன்னாலேயே செஞ்சு வெச்சுட்டா, அம்மணி. கரையில அவளால வேகமா நடக்க முடியாது, அவ வீடு தண்ணிக்குள்ள" என்று சொல்லுங்கள். தாய் விட்டுவிட்டுப் போனாள் என்ற வினைச்சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; மூடி வைத்தாள், பத்திரப்படுத்தினாள் என்பவையும் உண்மையான சொற்களே. அந்தத் தாயும் ஒரு காலத்தில் இதே போன்றதொரு மணலுக்குள்ளிருந்து வந்தவள்தான் என்று சேர்த்துச் சொல்லலாம். பெண் ஆமைகள் வளர்ந்த பிறகு, தாங்கள் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன என்பதால் அதுவும் பொய்யாகாது.

அடுத்து, குஞ்சைத் தனியாக விடாதீர்கள். பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான்: ஒரேயொரு குஞ்சு, பட்டப்பகலில், தன்னந்தனியாக மணலிலிருந்து தலை நீட்டுகிறது. உண்மையில் தனிக் குஞ்சு ஒன்றால் ஒன்றரை அடி மணலைக் கடந்து வருவது மிகவும் கடினம். மூக்கின் நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டைக் கிழித்து ஏறத்தாழ ஒரே சமயத்தில் நூறு குஞ்சுகள் வெளிவருகின்றன. ஓடுகள் காலியானதும் கொஞ்சம் இடம் கிடைக்கும். மேலே உள்ளவை கூரை மணலைச் சுரண்டுகின்றன; உதிரும் மணலைக் கீழே உள்ளவை மிதித்துத் தளமாக்குகின்றன. கூரை உதிர உதிரத் தளம் உயர்ந்து, கூட்டம் முழுவதும் கிணற்று வாளி ஏறுவதைப் போல மெல்ல மேலே வருகிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும். ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பதும் அசையும்; ஒன்று ஓய்ந்தால் எல்லாம் ஓயும். அம்மா இல்லை என்ற இடத்தில் நூறு அண்ணன் தங்கைகள் வந்து நிற்கும்போது, ஐந்து வயதுக் குழந்தையின் கவலை பெரும்பாலும் அங்கேயே தணிந்துவிடும்.

மேலே வந்துவிட்டாலும் அவை உடனே வெளியேறுவதில்லை. பகலில் மேல்மணல் சுடும். சூடு பட்டதும் மேலே உள்ள குஞ்சுகள் அசையாமல் கிடக்கும். இரவு வந்து மணல் குளிர்ந்தால்தான் மொத்தமாகப் பொங்கி எழும். இந்தக் காத்திருப்பை நீட்டிச் சொல்லுங்கள். "மணல் இன்னும் சூடா இருக்கு, கொஞ்சம் பொறு" என்று இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வரட்டும். திரும்ப வரும் வரிதான் குழந்தையின் மூச்சை நிதானத்துக்குக் கொண்டு வரும்.

வெளியே வந்த குஞ்சு, ஏறக்குறைய நம் கட்டைவிரல் நீளத்தில், கறுத்த நிறத்தில் இருக்கும். அதற்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்கிறார்கள்? நான் ஒரு தவறு செய்தேன். ஈரோட்டில் என் பேத்திக்குக் கதை சொல்லும்போது, நிலா கூப்பிட்டது என்று அழகுக்காகச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, "அமுச்சி, அமாவாசைல அது எப்படிப் போகும்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. குஞ்சு நிலாவைத் தேடுவதில்லை. கண்ணுக்கு நேரே, தாழ்வாக, எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் போகிறது. மணல்மேடும் மரங்களும் கறுப்பாக உயர்ந்து நிற்கும் பக்கத்துக்கு முதுகு காட்டுகிறது. திறந்த கடலின் மேல் வானம் அமாவாசையிலும் நிலத்தைவிடச் சற்று வெளிறியே தெரியும். ஆகவே தெருவிளக்கோ வீட்டு விளக்கோ கரையில் எரிந்தால் குஞ்சுகள் வழி தவறி ஊரை நோக்கி ஊர்ந்துவிடும்.

உங்களுக்குத் தேவையான இடமும் இதுவே. கதையில் ஓர் ஆபத்து போதும். அது இந்த விளக்காக இருக்கட்டும். நண்டு, காக்கை, நாய், மீன் எல்லாம் உண்மைதான். ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து ஆளாகும் என்ற கணக்கும் பரவலாகச் சொல்லப்படுவதுதான். அவற்றை எட்டு வயதில், பகல் வேளையில் சொல்லிக்கொள்ளலாம். அவளாகவே "எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்களா?" என்று கேட்டால் மட்டும், "எல்லாரும் இல்ல, அதனாலதான் அந்த அம்மா நூறு முட்டை வெச்சா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள். நண்டின் ஆபத்தில் குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது, பயந்துகொண்டு கிடப்பாள். விளக்கின் ஆபத்தில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. குஞ்சுகள் திசை தெரியாமல் நிற்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "யாராவது லைட்டை அணைச்சா கடல் தெரியும்" என்று சொல்லுங்கள். அவளே எழுந்து போய் அறை விளக்கை அணைக்கட்டும். இதன் பிறகு கதை இருட்டில்தான் நடக்க வேண்டும். மறுபடியும் விளக்குப் போட வேண்டிய தேவை எதுவும் வராதபடி தண்ணீர் குடிப்பது, கழிவறை எல்லாவற்றையும் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

கடலைப் பார்த்திராத குழந்தைக்குக் கடலை எப்படிக் காட்டுவது என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கொடிவேரியில் கால் நனைத்திருப்பாள். அந்தப் பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலந்து, பூம்புகார் அருகே போய்ச் சேரும் இடம்தான் நம் குஞ்சின் கடல். பங்குனி ஆமை முட்டையிடும் கரையும் அதுவே. உப்புக் கரிக்கும், மறுகரை தெரியாது, தண்ணீர் வந்து வந்து போகும் என்ற மூன்றையும் சேர்த்தால் போதும்.

"கையில எடுத்துக் கொண்டுபோய் விட்டா என்ன?" என்றும் அவள் கேட்கக்கூடும். பொரிப்பகங்களில்கூடக் குஞ்சுகளைத் தண்ணீருக்குச் சற்று முன்னால் மணலில் விட்டு, மீதித் தொலைவை அவற்றையே ஊர்ந்து கடக்க விடுகிறோம் என்று சொல்லுங்கள். நீரில் இறங்கியபின் குஞ்சு வெளிச்சத்தை விட்டுவிட்டு அலைக்கு எதிராக நீந்துகிறது. அலை கரையை நோக்கி வருவதால், எதிர்த்து நீந்தினால் ஆழ்கடல்தான். அலைகளால் திசை தெரியாத தூரத்துக்குப் போன பிறகு பூமியின் காந்தப்புலம் வழிகாட்டுகிறது. ஐந்து வயதுக்குக் காந்தத்தை விளக்க வேண்டாம். அலை வரைக்கும் போதும்.

முதல் நாள் முழுவதும் குஞ்சு ஏறக்குறைய நிற்காமல் நீந்தும். தாய் முட்டைக்குள் வைத்த மஞ்சள் கருவில் ஒரு பங்கு அதன் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும், வழிச்சோறு அதுதான். (அம்மா எங்கே என்பதற்கு இரண்டாவது பதிலும் இதில் இருக்கிறது: "அம்மா கட்டிக் கொடுத்த சோறு வயித்துக்குள்ள இருக்கு.") அந்த ஓட்டம் அடங்கிய பிறகு, குஞ்சுகள் பெரும்பாலும் பகலில் நீந்தி இரவில் ஓய்கின்றன. ஓய்வெடுக்கும்போது முன் துடுப்புகள் இரண்டையும் பின்னால் மடித்து ஓட்டின் மேல் வைத்துக்கொண்டு நீர்மட்டத்தில் மிதப்பது, பல வகைக் கடலாமைக் குஞ்சுகளிடம் காணப்பட்ட பழக்கம். கடலாமையால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது என்பதால், அப்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

குஞ்சு கடலில் இறங்கியதும் உங்கள் குரல் பாதியாகட்டும், வரிகளுக்கிடையே இடைவெளி கூடட்டும். முடிவை நான் இப்படிச் சொல்வது வழக்கம்: "ஒரு அலை வந்துச்சு, குஞ்சு மேல ஏறி இறங்குச்சு. இன்னொரு அலை வந்துச்சு, மேல ஏறி இறங்குச்சு. கரை தெரியல. விளக்கும் தெரியல. குஞ்சுக்குக் கை வலிச்சுது. ரெண்டு கையையும் மடிச்சு முதுகு மேல வெச்சுக்கிச்சு. தலையை மட்டும் தூக்கி ஒரு மூச்சு வாங்குச்சு. தண்ணி அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் இன்னொரு மூச்சு." அந்த மூச்சோடு நிறுத்திவிடுங்கள். விழித்திருந்தால் "அப்புறம்?" என்பாள், அப்போது அலை வரியை மட்டும், இன்னும் மெதுவாக, மறுபடி சொல்லுங்கள்.