தொங்கு சபை என்றால் ஆட்சியே அமையாதா?

"நான் ராயபுரம் தொகுதி, இதுதான் என் முதல் ஓட்டு. டிவில கூட்டணி, தொங்கு சபை, தேர்தல் அறிக்கைன்னு சொல்றாங்க. 118 வரலைன்னா ஆட்சி இல்லையா?"

ஆட்சி அமையலாம். 2006 தமிழக சட்டசபைத் தேர்தல் கணக்கைப் பாருங்க. மொத்தம் 234 இடம், பாதிக்கு மேல் என்றால் 118. திமுக மட்டும் ஜெயித்தது 96. தனிக்கட்சியாக யாருக்கும் 118 இல்லை. அதைத்தான் தொங்கு சபை என்பார்கள். ஆனால் காங்கிரஸ், பாமக, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளோடு சேர்த்து அந்தக் கூட்டணிக்கு 163 இருந்தது. காங்கிரஸின் 34 மட்டும் கைகொடுத்தாலே 130. அதனால் திமுக தனியாக மந்திரிசபை அமைத்தது, மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். ஐந்து வருடமும் ஓடியது. ஆக, டிவியில் எண் வரும்போது அது கட்சிக்கா கூட்டணிக்கா என்று முதலில் பாருங்க. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

கூட்டணி உங்கள் ஓட்டு இயந்திரத்திலும் தெரியும். ராயபுரத்தைத் தோழமைக் கட்சிக்கு ஒதுக்கிவிட்டால், நீங்கள் தேடும் சின்னம் அங்கே இருக்காது. வேட்பாளர் பட்டியலை முன்பே பார்த்துவிடுங்க. சின்னக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தால், அந்த இடம் பெரிய கட்சிக் கணக்கில்தான் ஏறும்.

தேர்தல் அறிக்கை என்பது வாக்குறுதிப் பட்டியல். 2006-ல் திமுக சொன்ன கலர் டிவி, கிலோ 2 ரூபாய் அரிசி எல்லாம் அதில் வந்தவைதான். நிறைவேற்றாவிட்டால் அதைக் காட்டி வழக்குப் போட்டு வாங்கிவிட முடியாது. கூட்டணிக் கட்சிகள் தனித்தனி அறிக்கை விடுவதும் உண்டு. முதல்வர் நாற்காலிக்கு நிற்கிற கட்சியின் அறிக்கையைப் படித்தால் போதும்.