உடைந்த சன்னல்களும் நியூயார்க்கின் குற்றக்குறைவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க் நகரத்தில் 1990களில் சுரங்க ரயிலில் பயணச்சீட்டு இல்லாமல் போனவர்களையும் சுவரில் கிறுக்கியவர்களையும் காவல்துறை விடாமல் பிடித்ததால் கொலைகளே குறைந்துவிட்டன என்று ஒரு மேலாண்மைப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ‘உடைந்த சன்னல் கோட்பாடு’ என்று அதற்குப் பெயராம். கேட்கும்போது நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை என்று பிறகு எங்கோ படித்தேன். கொலைகள் குறைந்தது கண்கூடான உண்மை என்றால், அவர்கள் எதைத்தான் மறுக்கிறார்கள்?

செந்தில்குமார், திருப்பூர்

அன்புள்ள செந்தில்குமார்,

கொலைகள் குறைந்ததை யாரும் மறுக்கவில்லை. 1990இல் அந்நகரத்தில் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 1998இல் அது 650க்கும் கீழே வந்துவிட்டது. எதனால் குறைந்தது என்பதில்தான் வழக்கு.

ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982 மார்ச்சில் ‘அட்லாண்டிக்’ மாத இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டும். உடைந்த ஒரு சன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் இங்கே கேட்பார் யாருமில்லை என்று அது ஊருக்கு அறிவித்துவிடும், மற்ற சன்னல்களும் உடையும், அஞ்சிய குடிமக்கள் தெருவிலிருந்து ஒதுங்குவார்கள், அந்த வெற்றிடத்தில் பெருங்குற்றம் குடியேறும் என்பது அவர்கள் வாதம். அக்கட்டுரைக்கு அடித்தளமாக இருந்தது நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் காவலர்களைக் கால்நடையாக ரோந்து அனுப்பிப் பார்த்த சோதனை. அந்த ரோந்தினால் குற்றம் குறையவில்லை. மக்களின் அச்சம்தான் குறைந்தது. இதைக் கட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது. அங்கே காவலர் காத்த ஒழுங்கும் கைதினால் வந்ததன்று. குடிப்பவர்கள் வாசற்படியில் உட்காரலாம், ஆனால் படுக்கக்கூடாது. பக்கத்துத் தெருவில் குடிக்கலாம், முக்கியச் சந்திப்பில் கூடாது. அதுவும் புட்டியைக் காகிதப் பையில் மறைத்துக்கொண்டுதான். தெருவாசிகளும் காவலரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்தது வேறொன்று. 1990இல் சுரங்க ரயில்களுக்கான காவல்துறையின் தலைவராகவும், 1994இல் மேயர் ரூடி ஜூலியானியின் கீழ் நகரக் காவல் ஆணையராகவும் பொறுப்பேற்ற வில்லியம் பிராட்டன், சிறு குற்றங்களுக்குக் கைது என்பதையே முதன்மைக் கருவியாக்கினார். கட்டணமின்றிப் பயணம் செய்து பிடிபட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மீது நிலுவையில் பிடியாணை இருந்ததாக அவர் சொன்னார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தேடப்படும் ஆளைத் தடுப்புவாசலில் பிடித்து அதனால் குற்றம் குறைந்தால், அது வலைவீச்சின் பலன். ஒழுங்கான தெரு குற்றவாளிக்கு ஒரு செய்தி சொல்கிறது என்ற கோட்பாடு அதனால் மெய்யாகிவிடாது. பயிற்சி வகுப்புகளில் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே கலந்து சொல்கிறார்கள்.

கோட்பாட்டை ஆதரித்து முன்வைக்கப்பட்ட வலுவான புள்ளியியல் சான்று, கெல்லிங்கும் வில்லியம் சூசாவும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. நகரின் எழுபத்தைந்து காவல் எல்லைகளை எடுத்துக்கொண்டு, சிறு குற்றக் கைதுகள் மிகுந்த எல்லைகளில் வன்குற்றம் கூடுதலாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 1989 முதல் 1998 வரை அறுபதாயிரம் வன்குற்றங்கள் இதனால் தடுக்கப்பட்டன என்றும் கணக்கிட்டார்கள். பெர்னார்ட் ஹார்கோர்ட்டும் ஜென்ஸ் லுட்விக்கும் 2006இல் அதே தரவைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்விதான்: கைதுகள் எந்த எல்லைகளில் மிகுந்தன? 1980களின் பிற்பகுதியில் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் வெள்ளமாய்ப் பாய்ந்து குற்றம் உச்சத்துக்கு ஏறிய அதே எல்லைகளில்தான்.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள, நானே புனைந்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் எல்லையில் 1984இல் 20 கொலைகள், கிராக் அலையின்போது 60, அலை வடிந்தபின் 1998இல் மீண்டும் 20. அலை அதிகம் தொடாத இன்னோர் எல்லையில் 10, 14, மீண்டும் 10. கைதுகளுக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் காவல்துறை இயல்பாகவே 60 கொலைகள் நடந்த இடத்தில்தான் ஆட்களைக் குவிக்கும். 1989ஐத் தொடக்கமாக வைத்துக் கணக்கிடுபவருக்கு, கைது மிகுந்த இடத்தில் 40 குறைந்தது, கைது குறைந்த இடத்தில் 4 மட்டுமே குறைந்தது என்று தெரியும். கைதுதான் காரணம் என்று அவர் எழுதிவிடுவார். 1984இலிருந்து பார்ப்பவருக்கோ இரண்டு எல்லைகளும் பழைய நிலைக்குத் திரும்பியது மட்டுமே தெரியும். சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான். முந்தைய ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தவுடன், கெல்லிங்கும் சூசாவும் கண்ட தொடர்பு நிற்கவில்லை என்று ஹார்கோர்ட்டும் லுட்விக்கும் காட்டினார்கள். என் பார்வையில் இந்த விவாதத்தின் திருப்புமுனை இதுவே. கொலைவீழ்ச்சி பிராட்டன் ஆணையராவதற்கு முன்பே தொடங்கிவிட்டதும், இத்தகைய கைது இயக்கம் இல்லாத சான் டியேகோவிலும் குற்றம் பெருமளவு குறைந்ததும் இதனோடு பொருந்திப்போகின்றன.

இனி, ஒழுங்கின்மைதான் குற்றத்தை வளர்க்கிறதா என்ற அடிப்படைக் கேள்வி. ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷ்ஷும் 1995இல் சிகாகோவில் ஒரு வண்டியின் இருபுறமும் வீடியோ கேமராக்களைப் பொருத்தி மெதுவாக ஓட்டி, இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தெருப்பகுதிகளைப் பதிவு செய்தார்கள். குப்பை, கிறுக்கல், பொது இடக் குடி ஆகியவற்றை அந்தப் பதிவிலிருந்தே எண்ணினார்கள். வறுமையின் செறிவையும், அண்டைவீட்டார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுக்காரியத்தில் தலையிடும் திறனையும் கணக்கில் சேர்த்தபோது, ஒழுங்கின்மைக்கும் பெரும்பாலான வன்குற்றங்களுக்கும் இடையிலான தொடர்பு மறைந்துவிட்டது. வழிப்பறியில் மட்டும் ஓரளவு எஞ்சியது. அதாவது, உடைந்த சன்னலும் கொலையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை; ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கவில்லை. 2004இல் அவர்களே எழுதிய தொடர்ச்சி இன்னும் சங்கடமானது. கேமரா பதிந்த ஒழுங்கின்மை ஒரே அளவாக இருந்தாலும், கறுப்பினத்தவர் மிகுந்த பகுதியை மக்கள் கூடுதல் ஒழுங்கற்றதாகக் கண்டார்கள்; கறுப்பினத்தவரே அவ்வாறு கண்டார்கள். எது ஒழுங்கின்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தெருவில் நிற்கும் காவலரின் கண்ணிடம் ஒப்படைக்கும் கொள்கைக்கு இது சிறிய ஆட்சேபம் அல்ல.

தெருவில் போவோரை ஐயத்தின் பேரில் காவலர் நிறுத்திச் சோதிக்கும் நடைமுறையும் இந்தக் கோட்பாடும் ஒன்றல்ல என்று கெல்லிங் பின்னாளில் வாதிட்டார். கொள்கையளவில் அது நியாயம்தான். ஆனால் கைதை அளவுகோலாக்கிய அமைப்பில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. நியூயார்க் காவல்துறைக்கான தலைமை ஆய்வாளரின் அலுவலகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, 2010 முதல் 2015 வரை சிறு குற்ற அழைப்பாணைகளும் கைதுகளும் பெருமளவு குறைந்தும் பெருங்குற்றம் அதனால் கூடியதற்குச் சான்றில்லை என்றது. 2014 டிசம்பரில் காவலர்கள் எதிர்ப்பாகத் தம் வேலையைச் சில வாரங்கள் தளர்த்தியபோது, பெருங்குற்றப் புகார்கள் கூடவில்லை, குறைந்தன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மக்கள் புகார் கொடுப்பதே அப்போது குறைந்திருக்கலாம் என்ற ஐயம் இருப்பதால், இந்தக் கடைசிச் சான்றின் மீது நான் அதிக பாரம் ஏற்றமாட்டேன்.

கோட்பாட்டில் எஞ்சுவது எதுவுமில்லையா என்றால், இருக்கிறது. அந்தோணி பிராகாவும் உடனாளர்களும் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட இடத்தின் சிக்கலை அங்குள்ளவர்களோடு சேர்ந்து தீர்க்கும் முறைகள் குற்றத்தைக் குறைத்திருந்தன; தனிமனிதர்களின் ஒழுங்கின்மையைக் குறிவைக்கும் கடுமையான முறைகளில் அப்படிப் பலன் தென்படவில்லை. பிலடெல்பியாவில் பாழ்மனைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, குப்பையை அகற்றி, புல்லும் மரமும் நட்டு, தாழ்ந்த மரவேலி போட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. புதரில் துப்பாக்கியை ஒளித்துவைக்க இடமில்லாமல் போனது காரணமா, மக்கள் மீண்டும் வெளியே வந்து புழங்கியது காரணமா என்பதை அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்காக யாரையும் கைது செய்ய வேண்டியிருக்கவில்லை.