கேள்வி–பதில்: முள்ளுக்கு ஒரு கையுறை, சேற்றுக்கு ஒரு கையுறை

‘லெவல் 5 கட் ரெசிஸ்டன்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த தோட்டக் கையுறையை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். போகன்வில்லா வெட்டிய முதல் நாளே முள் புறங்கையில் ஏறிவிட்டது. கையுறையில் 4543 என்று அச்சிட்டிருக்கிறது. போலியை விற்றுவிட்டார்களா? – வாசகி, தெஹிவளை

போலியாக இருக்க வேண்டும் என்றில்லை, அம்மா. உங்கள் கையுறை அசலாகவே இருந்தாலும் அந்த முள் ஏறியிருக்கும். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

அந்த நான்கு இலக்கங்களும் ஈ.என். 388 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி போடப்படுபவை. முதலாவது தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. உங்கள் பக்கெட்டில் பெரிதாகப் போட்ட 5, இரண்டாவது இலக்கம் மட்டும்தான். ஒரு வட்டக் கத்தி உருண்டு அறுக்கும்போது துணி எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை அது சொல்கிறது. கண்ணாடி, தகரம், கத்தி பிடிப்பவர்களுக்கு அது வேண்டும். முள்ளோ அறுப்பதில்லை. இந்தக் கையுறைகள் பின்னப்பட்டவை. இழை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மெல்லிய முள் இரண்டு இழைகளுக்கு நடுவிலுள்ள கண்ணை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஓர் இழைகூட அறுபட்டிருக்காது.

சரி, நான்காவது இலக்கம் 3 ஆச்சே என்பீர்கள். குத்துக்கு 3 என்றால் 100 நியூட்டன், ஏறக்குறைய 10 கிலோ பாரத்தின் அழுத்தம். ஆனால் அந்தச் சோதனையில் குத்துவது ஆணி பருமனுள்ள ஒரு கம்பி. போகன்வில்லா முள்ளின் நுனி அதைவிட எத்தனையோ மடங்கு கூர். இன்னொன்று, சோதனைக்கு வெட்டி எடுக்கும் துண்டு உள்ளங்கைப் பக்கத்துத் துண்டு. நைட்ரைல் பூச்சு இருப்பதும் அங்கேதான். உங்களுக்குக் குத்தியது பூச்சே இல்லாத புறங்கையில். அந்த இடத்தைப் பற்றி 4543 ஒன்றும் சொல்லவில்லை.

2016 இல் இந்தத் தரத்தைத் திருத்தினார்கள். உறுதியான இழைகளில் வட்டக் கத்தியே மழுங்கிப்போய் அளவு பிழைத்ததால், வேறொரு வெட்டுச் சோதனையைச் சேர்த்து அதற்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துக் கொடுத்தார்கள். ஆகவே புதிய கையுறைகளில் நான்கு இலக்கங்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். ஓர் இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். எழுத்து எஃப் ஆகவே இருந்தாலும் அது வெட்டைப் பற்றியதுதான். முள்ளுக்கு ஒரு கையுறை தேடுபவரிடம் வெட்டின் இலக்கத்தைப் பெரிதாகக் காட்டி, குத்தின் இலக்கத்தைப் பொடி எழுத்தில் ஒளிப்பது அயோக்கியத்தனம். அச்சிட்ட இலக்கம் உண்மையாக இருப்பதால் அது நியாயமாகிவிடாது.

போகன்வில்லா, ரோசா, தேசி மரம் மூன்றுக்கும் தோல் கையுறைதான் சரி. ஆட்டுத்தோல் மெல்லிதாக இருந்தும் நெருக்கமானது, விரலும் மடங்கும். மாட்டுத்தோல் தடிப்பு, கத்தரி பிடிக்கச் சிரமம். புறங்கையிலும் தோல் இருக்க வேண்டும், உறை முழங்கைக்குக் கிட்ட வரை நீள வேண்டும். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் வெல்டிங் கையுறையைக் காட்டுவார்கள். அது முள்ளைத் தடுக்கும், ஆனால் சின்னக் கிளையைப் பிடிக்க விரல் மடங்காது. கடைக்குப் போகும்போது உங்கள் செடியிலிருந்தே ஒரு முள்ளை வெட்டி ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு, கையுறையை மேசையில் வைத்து, கையை உள்ளே விடாமல், புறங்கைப் பக்கத்திலும் விரலிடுக்கிலும் அழுத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் வாங்காதீர்கள். சோதிக்க விடாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

ஏறிய முள்ளின் நுனி உள்ளே முறிந்திருந்தாலோ, மூட்டுப் பக்கம் வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியசாலைகளில் போடும் மெல்லிய கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ரோசாவுக்குப் போதாதா? – கொட்டாஞ்சேனை

போதாது.

மழைக்குப் பிறகு சேற்றில் களை பிடுங்கும்போது கையுறை வழுக்குகிறது, உள்ளேயும் நனைந்துவிடுகிறது. ‘வாட்டர்புரூப்’ என்று பார்த்துத்தான் வாங்கினேன். – வெள்ளவத்தை

நானும் அந்தச் சொல்லை நம்பி ஒரு சோடி வாங்கியிருக்கிறேன். உள்ளங்கையில் மட்டும் பூச்சு, புறங்கை வெறும் பின்னல். தண்ணீர் மேலால் இறங்கி உள்ளே தேங்கி நின்றது. விற்றவரிடம் கேட்டால் “பூச்சு வாட்டர்புரூப்தானே” என்றார்.

நீங்கள் கேட்க வேண்டியது முழுக்கையும் முக்கியெடுத்த நைட்ரைல் கையுறை. இரண்டு தடவை முக்கியதாக இருந்தால் நல்லது: முதல் பூச்சு தண்ணீரைத் தடுக்க, உள்ளங்கையில் மட்டும் இரண்டாவது பூச்சு மணல் போலச் சொரசொரப்பாக, பிடிப்புக்கு. வழவழப்பான பூச்சு ஈரத்தில் வழுக்கும். ஸ்பொஞ்ச் மாதிரிப் பூச்சு எண்ணெய்க்கு நல்லது, சேற்றில் நீரைக் குடித்துக் கனக்கும். சுருக்கம் விழுந்த இறப்பர்ப் பூச்சும் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது.

பிடிப்பில் பாதி, கையுறையின் அளவில்தான் இருக்கிறது. பெருவிரலை விட்டுவிட்டு, விரல் மொழிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்து பாருங்கள். 8 அங்குலம் வந்தால் 8 ஆம் அளவு. பெரிதாக இருந்தால் கையுறைக்குள் கை திரும்பும், எந்தப் பூச்சும் உதவாது. விரலில் கீறல் இருந்தால் நனைந்த கையுறையோடு வேலையைத் தொடராதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலிருந்து கீறல் வழியாக உள்ளே போகும்.

இந்தச் சேற்றுக் கையுறையே முள்ளுக்கும் ஆகாதா? இரண்டு சோடி வாங்கக் காசு வீண். – பத்தரமுல்ல

ஆகாது. தோல் கையுறையைச் சேற்றில் போட்டாலும் ஆகாது. நனைந்து காய்ந்தால் விறைத்து வெடிக்கும், கொழும்பு ஈரப்பதனில் பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு சோடிக்குத்தான் காசு என்றால், உங்கள் வீட்டில் அதிகம் இருப்பது முள்ளா சேறா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒன்லைனில் வாங்கினேன். அளவு பார்க்கவில்லை, பில்லும் இல்லை, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது சிறிதாக இருக்கும் போலத் தெரிகிறது. காசைத் திரும்பக் கேட்கலாமா? – மருதானை

போட்டே பார்க்காமல் எப்படித் தம்பி தெரிந்தது? கேட்கலாம், கிடைக்காது. சிறிய கை உள்ள யாருக்காவது கொடுங்கள்.

அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். ‘அசல் தோல்’ என்று சொல்லி விற்ற கையுறை மூன்று கிழமையில் தோலுரிந்து, உள்ளே துணி தெரிகிறது. கடைக்காரர், பாவித்த சாமானை எடுக்க மாட்டேன் என்கிறார். பில் இருக்கிறது. – வத்தளை

உங்கள் அம்மாவை ஏமாற்றியிருக்கிறார்கள். தோல் அப்படி ஏடு ஏடாக உரியாது. வெட்டு ஓரத்தைப் பார்த்தால் தோலில் நார் நாராகத் தெரியும். மேலே பிளாஸ்டிக் ஏடு, அடியில் துணி என்றால் அது ரெக்சின். தோலுக்குக் காசு வாங்கி ரெக்சின் கொடுப்பது பொய் விளக்கம், பாவித்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கையுறையை எறியாதீர்கள், கழுவவும் வேண்டாம். உரிந்த இடத்தையும், ‘அசல் தோல்’ என்ற லேபல் இருந்தால் அதையும் படம் எடுங்கள். பில்லின் பிரதியோடு கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு தடவை கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வைத்திருக்கும் காலவரை அது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்தக் கிழமையே எழுதுங்கள். அதுவரை அம்மாவை அந்தக் கையுறையோடு முள்ளில் கை வைக்க விடாதீர்கள்.