சேனலின் வாயை மூடினால் முறுக்கு நிற்கும்

"கடை போர்டுக்கு 100×50 சி சேனலில் (3 மி.மீ. தகடு) கம்பம் நட்டு, போர்டைப் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறேன். காற்றடித்தால் கம்பம் முறுக்கிக்கொள்கிறது. அதே அளவு பாக்ஸ் பைப் போட்ட பக்கத்துக் கடையில் ஆட்டமே இல்லை. இன்னும் தடிமனான சேனல் போட்டால் சரியாகுமா?"

ஆகாது. மதுரைப் பக்கம் ஆடிக் காற்று தொடங்கினால் எங்கள் கப்பலூர் பட்டறைக்கு இதே பிரச்சினையோடு ஆள் வருவார்கள். தடிமனைக் கூட்டுவதில் காசுதான் போகும்.

பாக்ஸ் பைப்பை முறுக்கினால், அதை எதிர்க்கும் விசை நான்கு சுவர் வழியாகவும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. எதிரெதிர்ச் சுவர்கள் 50, 100 மி.மீ. தள்ளி நிற்பதால் கொஞ்ச விசையே நல்ல பிடி கொடுக்கும். சேனலில் அந்தச் சுற்று அறுந்து கிடக்கிறது. ஓரம் வரை போன விசைக்குத் தாண்டிப் போக வழியில்லை. அதே தகட்டின் மறு முகம் வழியாகத் திரும்பியாக வேண்டும். போகிற விசைக்கும் வருகிற விசைக்கும் நடுவே உள்ள தூரம் 3 மி.மீ.கூட இல்லை. பிடி எங்கிருந்து வரும்?

முறுக்கு விறைப்பைக் காட்டும் எண் J. திறந்த சேனலுக்கு `J = Σbt³/3`, இதில் b ஒவ்வொரு தகட்டின் அகலம், t தடிமன்; உங்கள் கம்பத்துக்கு சுமார் 1,800 மி.மீ.⁴. மூடிய பெட்டிக்கு `J = 4A²t/s` (A சுவர்கள் வளைத்த பரப்பு, s சுற்றளவு), அது 10,00,000. ஏறக்குறைய 555 மடங்கு. 6 மி.மீ. சேனல் போட்டால் இரும்பு இரண்டு மடங்கு, J எட்டு மடங்கு, அவ்வளவுதான். வாயில் 3 மி.மீ. தகடு வைத்து மூடினால் இரும்பு பாதிதான் கூடுகிறது, அந்த 555 மடங்கும் கிடைக்கிறது.

காற்று 10 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது, போர்டின் நடு கம்பத்திலிருந்து அரை மீட்டர், கம்பம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சேனல் 40 டிகிரி திரும்பும் என்கிறது இந்தச் சூத்திரம். அடியில் பேஸ் பிளேட்டோடு நன்றாக வெல்டு செய்திருந்தால் அங்கே தகட்டின் ஓரங்கள் நீளவாக்கில் நகர முடியாது. அதனால் நிஜத்தில் 28 டிகிரி அளவில் நிற்கும். அதுவும் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மூடிய கம்பம் 0.1 டிகிரிகூடத் திரும்பாது.

ஒரு துண்டு பாக்ஸ் பைப்பை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் கட்டிங் வீலால் முழு நீளத்துக்கும் கீறிவிட்டு முறுக்கிப் பாருங்கள். கீறலின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முன்னும் பின்னுமாக வழுக்கும். இரும்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ஆனால் விறைப்பில் 370-ல் ஒரு பங்குதான் மிச்சம்.

உங்கள் மூடு தகடு தடுக்க வேண்டியதும் இந்த வழுக்கலைத்தான். அதனால் இரண்டு ஓரத்திலும் அடி முதல் நுனி வரை வெல்டு வேண்டும். ஒரு ஓரத்தை மட்டும் பற்றவைத்து மறு ஓரத்தை விட்டால் அது இன்னும் திறந்த சேனல்தான். வயர் போகச் சின்ன ஓட்டை போடலாம், நீளமான காடி வெட்டக் கூடாது. பற்றவைக்கும்போது ஒரே மூச்சில் ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றி வையுங்கள்; இல்லையென்றால் சூட்டில் கம்பமே வளைந்துவிடும்.