விளையாட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்? கேள்வி பதில்

மதுரை சிம்மக்கல்லில் 14 வருடமாகப் பலகை விளையாட்டுகளுக்குப் பெட்டியும் பலகையும் செய்து கொடுக்கிறேன். செல்பேசியில் விளையாட்டு செய்கிற பிள்ளைகளும் பெயர் பற்றிக் கேட்டு வருவார்கள். இன்று சாயங்காலம் வரை பெயர் பற்றி மட்டும் கேளுங்கள்.

மேலூர்: அக்கா, பேருல ‘ஆட்டம்’, ‘கேம்’னு ஏதாவது வந்தாத்தானே விளையாட்டுன்னே தெரியும்?

வேண்டாம். அந்தச் சொல் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, அதனால் உங்கள் பெட்டியைக் காட்டாது. விளையாட்டு என்று தெரிய வேண்டுமானால், ஆடும்போது வாயில் வருகிற சொல்லையோ கை செய்கிற வேலையையோ பெயராக எடுங்கள். கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சமிருக்கும்போது கத்த வேண்டிய சொல்தான் UNO, ஸ்பானிய மொழியில் ‘ஒன்று’. Jenga ஸ்வாஹிலியில் ‘கட்டு’ என்கிற ஏவல், கட்டை அடுக்குகிற விளையாட்டுக்கு. Scrabble-ஐ உருவாக்கியவர் முதலில் Lexiko என்றும் பிறகு Criss-Cross Words என்றும்தான் வைத்திருந்தார். இரண்டாவது பெயர் எழுத்து குறுக்கும் நெடுக்குமாகப் போவதை அப்படியே விளக்குகிறது, ஆனால் யாருக்கும் ஒட்டவில்லை. 1948-இல்தான் கையால் பரபரவென்று துழாவுவதைக் குறிக்கிற Scrabble என்கிற சொல் பெயரானது.

நம்மிடம் இதற்குப் பஞ்சமே இல்லை. தாயக்கட்டத்தில் காயை வெட்டுகிறோம், கரையேறின காயைப் பழம் என்கிறோம். பல்லாங்குழியில் நாலு முத்து சேர்ந்தால் பசு. ‘தாயம்’ என்பது விளையாட்டின் பெயர், அது ஊருக்கே சொந்தம். ‘வெட்டு’, ‘பழம்’, ‘பசு’ எல்லாம் ஆட்டத்துக்குள் இருக்கிற சொற்கள். தேடுவதை அங்கே தொடங்குங்கள்.

செல்லூர்: அக்கா, நம்ம ஊரு வீதிகளையே பலகையா போட்டிருக்கேன். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா அஞ்சு சதுரம். சோழி உருட்டி வெளி வீதியில கிளம்பணும், மாசி வீதியில தேரை இழுத்து முதல்ல நிலைக்குக் கொண்டு வர்றவங்க ஜெயிச்சாங்க. ‘மதுரை’ன்னு பேர் வைக்கலாமா?

பலகை ரொம்ப அழகு தம்பி. பெயர் வேண்டாம். ஊர்ப்பெயரை டிரேட்மார்க் ஆக்குவது கடினம், 1999 சட்டத்தின் 9-ஆம் பிரிவே பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிற பெயரைத் தள்ளச் சொல்கிறது. அதைவிட, ‘மதுரை’ என்று செல்பேசியில் தட்டினால் கோயிலும் ஜிகர்தண்டாவும் ரயில் நேரமும்தான் வரும். உங்கள் விளையாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வடம் பிடிக்கிறார்கள், இழுக்கிறார்கள், தேர் நிலைக்கு வருகிறது. கடைசிக் காய் வந்து சேரும்போது மதுரைக்காரர்கள் தானாக என்ன சொல்வார்கள்? ‘தேர் நிலைக்கு வந்துருச்சு.’ அந்த இடத்தில் நாலு பெயர் தோன்றியது: வடம், நிலை, அப்புறம் தேர் நிற்கிற இடத்தைச் சொல்கிற தேர்முட்டி, தேரடி.

இனி சோதனை. பெயரை எழுதிக் காட்டாமல் ஒரே ஒரு தடவை வாயால் சொல்லுங்கள், எதிரில் இருப்பவரைத் தன் செல்பேசியில் தேடுகிற மாதிரி தட்டச் சொல்லுங்கள். 10 பேரிடம் செய்யுங்கள், அதில் ஒருவரும் உங்கள் நண்பராக இருக்கக் கூடாது. 7 பேராவது ஒரே எழுத்துக்கூட்டில் தட்டினால்தான் நான் அந்தப் பெயரை வைத்துக்கொள்வேன். தமிழ்ப் பெயருக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நாம் தமிழில் பேசி ஆங்கில எழுத்தில் தேடுகிறோம். ‘பல்லாங்குழி’யை Pallanguzhi, Pallankuzhi, Pallanguli என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். ழ வந்தால் தகராறு. த வந்தால் t, th, dh என்று பிரியும். நெடில் வந்தால் ஒரு a-வா இரண்டா என்று பிரியும்.

‘வடம்’ சோதனைக்கே போக வேண்டாம், Vadam என்று தட்டினால் பொரிக்கிற வடாம் வந்து நிற்கும். ‘நிலை’ எல்லா இடத்திலும் இருக்கிற சொல், ஒட்டாது. மிச்சம் இரண்டையும் 10 பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

திருமங்கலம்: ‘தாயம் கிங்’ எப்படி இருக்கு?

மேலூருக்குச் சொன்னதுதான். கிங் சேர்த்தால் தாயம் உங்களுடையது ஆகாது.

கே.கே.நகர்: நான் ஆப் கம்பெனியில வேலை பார்க்குறேன். நீங்க சொல்றது பெட்டிக்குச் சரி மேடம், செல்பேசிக்குத் தப்பு. ஸ்டோர்ல தேடுறவங்க ‘தாயம்’னுதான் தட்டுவாங்க, ‘வெட்டு’ன்னு தட்ட மாட்டாங்க. தேடுற சொல் பேருலயே இருக்கணும்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். புதிதாகத் தேடி வருகிறவர் விளையாட்டின் பொதுப் பெயரைத்தான் தட்டுவார். ஆனால் பக்கத்து வீட்டில் ஆடிப் பார்த்துவிட்டு வருகிறவர் உங்கள் பெயரைத் தட்டுவார், அவருக்கு முன்னால் 20 தாயம் வரிசையாக நின்றால் எது உங்களுடையது என்று எப்படித் தெரியும்?

இரண்டுக்கும் இடமிருக்கிறது. Google Play-யிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் தலைப்புக்கு 30 எழுத்து. அதில் தனிப் பெயரை முதலில் வையுங்கள், பொதுச் சொல்லைப் பின்னால் வையுங்கள்:

```
Vettu: Dhayam Board Game
```

இடைவெளியோடு சேர்த்து 24 எழுத்து. ஐகானுக்குக் கீழே முதல் சொல்லை மட்டும் வைக்கலாம், வாயில் புழங்குவதும் அதுதான். ஆப்பிளில் துணைத்தலைப்புக்கு இன்னொரு 30 எழுத்து தனியாக உண்டு, பொதுச் சொல்லை அங்கே தள்ளிவிடலாம்.

கே.கே.நகர்: அப்போ ‘Free’, ‘No.1’ எல்லாம் சேர்த்தா இன்னும் மேல வரும்ல?

Google Play தலைப்பில் அதை அனுமதிப்பதில்லை. விதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

அனுப்பானடி: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ‘வெட்டு’ன்னா எங்க ஊர்ல அடிதடிதான் ஞாபகம் வரும். பிள்ளைங்க விளையாடுற பொருளுக்கு அந்தப் பேரா?

நியாயமான கேள்வி. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது காயை வெட்டுவது. ஆடாதவர்களுக்குச் செய்தித்தாளில் வருகிற வெட்டு. எடுத்துக்காட்டுக்காகத்தான் சொன்னேன், ஆனாலும் பெட்டியில் போட வேண்டியிருந்தால் நான் ‘பழம்’ பக்கம் போவேன்.

கே.கே.நகர்: ‘Pazham’னு தட்டுனா வாழைப்பழம்தான் வரும். ழ வேற இருக்கு.

சரி, அது உண்மை. ஒற்றைச் சொல்லாக அது நிற்காது.

அனுப்பானடி: ‘பழமாச்சு’ன்னு வச்சா?

இது நன்றாக இருக்கிறது. எங்கள் அம்மா கடைசிக் காயை ஏற்றும்போது இப்படித்தான் சொல்வார், சொல்லிக்கொண்டே காயைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார். ஆனால் ழ அப்படியே இருக்கிறது, zh போடுவார்களா l போடுவார்களா என்பது 10 பேரிடம் கேட்டால்தான் தெரியும். பெட்டிக்கு மட்டும் என்றால் இப்போதே சரி என்பேன், கடையில் அச்சிட்ட தமிழைத்தானே படிப்பார்கள்.

உசிலம்பட்டி: பேருல கம்பெனி பதிவு பண்ணிட்டேன். இனி அந்தப் பேரை வேற யாரும் வைக்க முடியாதுல்ல?

வைக்கலாம். கம்பெனிப் பதிவு வேறு, டிரேட்மார்க் வேறு. பலகையும் காயும் 28-ஆம் வகுப்பு, தரவிறக்கம் செய்கிற விளையாட்டு 9-ஆம் வகுப்பு. இரண்டும் செய்கிறவர் இரண்டிலும் போட வேண்டும். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பம் ஏற்கப்பட்டு இதழில் வெளியான பிறகு 4 மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், அதனால் தாக்கல் செய்த மறுநாளே கவலை விட்டது என்று நினைக்காதீர்கள்.

தயவுசெய்து அச்சுக்கு முன் தேடுங்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடலில் ஒலிப்பு வழியாகத் தேடும் வசதி இருக்கிறது, எழுத்துக்கூட்டு மாறினாலும் அதே மாதிரி ஒலிக்கிற பெயரைக் காட்டும். இரண்டு வகுப்பிலும் பாருங்கள், செலவே இல்லை. முன்பு ஒரு வாடிக்கையாளர் தேடாமல் கொடுத்த பெயரை நானும் கேட்காமல் 500 பெட்டியில் அடித்துவிட்டேன். வேறு மாநிலத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. 500 பெட்டியிலும் பழைய பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம், ஈரப்பதத்தில் ஓரம் பிரிந்து பழைய பெயர் எட்டிப் பார்த்தது. கடைக்காரர்கள் பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெட்டி ஒன்று இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.

வாடிப்பட்டி: பேர் இல்லக்கா, என் ஆட்டத்தோட விதியையே ஒருத்தர் அப்படியே எடுத்துக்கிட்டார். என்ன பண்ண?

பெயர் பற்றி மட்டும் என்று சொன்னேன், ஆனால் இது இரண்டையும் தொடுகிறது. கொல்கத்தாவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் Scrabulous என்று இணையத்தில் சொல் விளையாட்டு நடத்தினார்கள், Scrabble மாதிரியே. Scrabble-க்கு இங்கே உரிமை வைத்திருந்த Mattel கம்பெனி வழக்குப் போட்டது. 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது, பலகைக்கும் விதிக்கும் பதிப்புரிமை கேட்டதை ஏற்கவில்லை. அவர்கள் Lexulous என்று மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். விதியைக் காப்பது கடினம், பெயரைக் காப்பது முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கிற வழக்கு இது. உங்கள் விதிப் புத்தகத்தின் வாசகத்தையும் படத்தையும் அப்படியே எடுத்திருந்தால் கதை வேறு, அதோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

திருப்பரங்குன்றம்: ‘பல்லாங்குழி ப்ரோ’ வைக்கலாமா அக்கா?

மேலே படியுங்கள்.

ஒத்தக்கடை: ‘பரமபதம் மாஸ்டர்’?

கிங், ப்ரோ, மாஸ்டர் மூன்றுக்கும் அதே பதில்தான். இனி இந்த மூன்றுக்கும் பதில் எழுத மாட்டேன்.

செல்லூர்: 10 பேர்கிட்ட கேட்டுட்டேன் அக்கா, டீக்கடையில. தேரடியை 9 பேர் Theradi-ன்னு தட்டுனாங்க. தேர்முட்டிக்கு 4 பேர் Thermutti, மிச்சம் Thaermutti, Thermuti, Ther mutti. ஆனா எல்லாருக்கும் பிடிச்சது தேர்முட்டிதான்.

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். என் கணக்குப்படி தேரடி ஜெயித்தது. ஆனால் தேரடி எல்லாக் கோயில் ஊரிலும் இருக்கிறது, தேரடித் தெரு, தேரடி பஸ் ஸ்டாப் என்று தேடலில் வந்துகொண்டே இருக்கும். தேர்முட்டி என்று சொன்னதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கீழமாசி வீதி கண்முன் வரும். அந்தப் பெயரில் முகம் இருக்கிறது, எழுத்துக்கூட்டுதான் சறுக்குகிறது.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் செல்லூர்க்காரர்கள்தானே? திண்டுக்கல்லிலோ சிவகாசியிலோ இன்னொரு 10 பேரிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். தேர்முட்டி அங்கே புரியவே இல்லையென்றால் தேரடிக்குப் போங்கள். புரியாவிட்டாலும் ‘அது என்ன?’ என்று திருப்பிக் கேட்டார்கள் என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள், எழுத்துக்கூட்டை எப்படிச் சமாளிப்பது என்று உட்கார்ந்து பார்ப்போம். பதிவகத் தேடலில் இரண்டு பெயரையும் 28-இலும் 9-இலும் இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள். அது முடியும்வரை பலகைக்கு அட்டை வெட்ட மாட்டேன்.