செங்கோணமில்லாத காணியின் பரப்பை ஆள்கூறுகளால் கணக்கிடுதல்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் காணிக்கு நான்கு மூலைகள், ஒன்றுகூடச் செங்கோணமில்லை. பக்கங்களை டேப்பாலும் மூலைக் கோணங்களைத் தியோடலைட்டாலும் அளந்து வைத்திருக்கிறோம். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் போதும் என்கிறார் தரகர். அது சரியா? ஆள்கூறு முறையில் எப்படிச் செய்வது?

பதில்:

சரியில்லை. சராசரிகளைப் பெருக்கும் கணக்கு ஒருபோதும் பரப்பைக் குறைத்துக் காட்டாது. செவ்வகத்துக்கு மட்டும் சரியான விடை தரும். வேறு எந்த நாற்பக்கலுக்கும் கூட்டித்தான் காட்டும். விற்பவருக்கு அது வசதி, வாங்குபவருக்கு நட்டம். நான்கு பக்க நீளங்கள் மட்டும் ஒரு வடிவத்தை நிலைநிறுத்துவதில்லை என்பதே காரணம். கட்டிலின் சட்டம் மூலையில் ஆடிச் சாய்வதைப் போல, அதே நீளங்களை வைத்துக்கொண்டு காணியும் சாயலாம். சாயச் சாயப் பரப்பு குறையும், சராசரிகளின் பெருக்கமோ மாறாது. நீங்கள் கோணங்களையும் அளந்திருப்பதால் சாய்வு எவ்வளவு என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது.

உங்கள் எண்களைத் தராததால், மாதிரிக்கு ஒரு காணியை எடுத்துக்கொள்கிறேன். மூலைகளுக்கு வலஞ்சுழியாக 1, 2, 3, 4 என்று எண்ணிடுங்கள். உட்கோணங்கள் முறையே 74, 108, 75, 103 பாகை, கூட்டினால் 360. உங்களுடைய கூட்டுத்தொகையில் ஓரிரு கலை கூடினாலோ குறைந்தாலோ அதை நான்கு கோணங்களுக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள். இருபது மீற்றர் நீளத்தில் ஒரு கலைப் பிழை வெறும் ஆறு மில்லிமீற்றர்தான்.

அடுத்தது திசைகோள், அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம். உண்மையான வடக்கைத் தேட வேண்டியதில்லை. 1-2 என்ற பக்கத்தையே வடக்கு என்று வைத்துக்கொள்ளலாம். காணியைத் தாளில் எப்படித் திருப்பினாலும் பரப்பு மாறாது. ஒவ்வொரு மூலையிலும் 180 பாகையிலிருந்து உட்கோணத்தைக் கழித்து வருவதை முந்தைய திசைகோளுடன் கூட்டுங்கள். இங்கே திசைகோள்கள் 0, 72, 177, 254 என்று வருகின்றன. நீளத்தைத் திசைகோளின் சைனால் பெருக்கினால் கிழக்கே சென்ற தூரம், கோசைனால் பெருக்கினால் வடக்கே சென்ற தூரம்.

```
பக்கம்   நீளம்    கிழக்கு     வடக்கு
1-2     20.15     0.000     20.150
2-3     13.60    12.934      4.203
3-4     20.34     1.065    -20.312
4-1     14.58   -14.015     -4.019
கூட்டு   68.67    -0.016      0.022
```

புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்திருப்பதால் இரண்டு கூட்டுத்தொகைகளும் பூச்சியமாக வேண்டும். இங்கே கிழக்கில் 16, வடக்கில் 22 மில்லிமீற்றர் இடைவெளி விழுகிறது. இரண்டும் சேர்ந்து 27 மில்லிமீற்றர். சுற்றளவோடு ஒப்பிட்டால் சுமார் 2500இல் ஒரு பங்கு. டேப் வேலைக்கு இது நல்ல மூடல். இந்த இடைவெளியைப் பக்க நீளங்களின் விகிதத்தில் பங்கிட்டு எதிர்க்குறியோடு சேர்ப்பது பௌடிச் முறை. அதன்பின் முதல் மூலையை (0, 0) என்று வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆள்கூறுகள் கிடைக்கும். கீழே E கிழக்கு, N வடக்கு, A பரப்பு.

```
மூலை   E         N
1       0.000     0.000
2       0.005    20.144
3      12.942    24.343
4      14.012     4.024
1       0.000     0.000

2A = Σ (E[i]·N[i+1] − E[i+1]·N[i])
```

குறுக்காகப் பெருக்கிக் கூட்டினால் −549.597. வலஞ்சுழியாகச் சுற்றியதால்தான் மறைக் குறி. அதை விட்டுவிட்டுப் பாதியாக்கினால் 274.80 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.293 சதுர மீற்றர் என்பதால் 10.86 பேர்ச். தரகரின் கணக்கு இதே காணிக்கு 285.25 சதுர மீற்றர், அதாவது 11.28 பேர்ச் என்று சொல்லும். இல்லாத பத்தரைச் சதுர மீற்றருக்கு வெள்ளவத்தை விலையில் பணம் கேட்பதாகத்தான் அதற்குப் பொருள்.

எக்செலில் செய்வதானால், E எண்களை B2 முதலும் N எண்களை C2 முதலும் இட்டு, முதல் மூலையைக் கடைசி வரியில் மீண்டும் எழுதுங்கள்:

```
=ABS(SUMPRODUCT(B2:B5,C3:C6)-SUMPRODUCT(B3:B6,C2:C5))/2
```

அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். முதல் மூலை (0, 0) ஆக இருக்கும்வரை மறந்தாலும் விடை சரியாகவே வரும். ஆனால் தேசிய ஆள்கூறுகளைப் போட்டால் விடை எங்கோ போய்விடும். கொழும்பில் அவை ஆறு இலக்க எண்கள். சாதாரணக் கல்குலேட்டரில் அவற்றைப் பெருக்கினால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும் என்பதால், முதலில் எல்லாவற்றிலிருந்தும் முதல் மூலையின் எண்களைக் கழித்துவிடுங்கள்.

மூடல் மோசமாக இருந்தால் பௌடிச்சைக் கொண்டு பூசி மெழுகாதீர்கள். அந்த இடைவெளி எந்தத் திசையில் கிடக்கிறது என்று பாருங்கள். மேலே 3-4 பக்கத்தை 20.34க்குப் பதிலாக 19.34 என்று எழுதியிருந்தால், கிழக்கில் −0.069, வடக்கில் 1.020 என இடைவெளி விழும். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர், திசைகோள் 356 பாகை. 3-4இன் திசைகோள் 177, அதன் எதிர்த்திசை 357. பிழை எந்தப் பக்கத்தில் என்பதை இடைவெளியே காட்டிவிடுகிறது. ஆனால் 1-2 பக்கமும் கிட்டத்தட்ட அதே திசையில்தான் ஓடுகிறது. ஆகவே இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.

நல்ல மூடலும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. டேப் நீண்டுபோயிருந்தால் நான்கு பக்கங்களும் ஒரே விகிதத்தில் தவறும். உருவம் அழகாக மூடும், பரப்பு மட்டும் பிழைக்கும். முப்பது மீற்றர் டேப்பில் மூன்று சென்டிமீற்றர் நீட்சி என்றால் பரப்பில் 0.2 சதவீதம். இதற்கு வேறொரு நல்ல டேப்பால் ஒரு மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். இந்தக் காணியில் 1இலிருந்து 3வரை ஆள்கூறுகளின்படி 27.57 மீற்றர் வர வேண்டும். அந்தக் கோட்டில் வீடு குறுக்கிட்டால் 2இலிருந்து 4வரை, 21.36.

இத்தனைக்கும் பிறகு பெரிய கேள்வி மதிலில் இருக்கிறது. மேலே செய்த பௌடிச் திருத்தம் பரப்பை மாற்றியது 0.006 பேர்ச் மட்டுமே. ஒன்பது அங்குல மதிலின் உள்முகத்தில் டேப்பைப் பிடித்தீர்களா, வெளிமுகத்திலா என்பது, 20.15 மீற்றர் பக்கத்தில் மட்டும் 4.6 சதுர மீற்றரை, 0.18 பேர்ச்சைத் தூக்கிப் போடும். மதில் யாருடையது, எல்லை அதன் எந்த முகம் என்பதை டேப் சொல்லாது. உறுதியில் குறிப்பிட்ட நில அளவை வரைபடம்தான் சொல்ல வேண்டும். அந்த வரைபடத்தை முதலில் தேடி எடுங்கள். விற்பனைக்குப் புது வரைபடம் தேவையென்றால் பதிவுபெற்ற நில அளவையாளரிடம்தான் போக வேண்டும்; அவர் வரும் நாளில் நீங்கள் பிடித்த நான்கு புள்ளிகளையும் மதிலில் சுண்ணாம்பால் குறித்துக் காட்டுங்கள்.